பதினான்கு கேள்வியும் ஓர் ‘ஆமா’வும்

1994 மார்ச்சில், சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்றபோது என் கையில் மூன்று பிரதி டைப் செய்த ஸ்கிரிப்ட் இருந்தது. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் கண்ணுக்கு, அதாவது படம். வலப்பக்கம் காதுக்கு, அதாவது பேட்டி, வர்ணனை, சத்தம். ஆவணப்படத்துக்கு எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறோம். என் ஸ்கிரிப்ட்டில் ஒரு விசேஷம் இருந்தது. வலப்பக்கத்தில் பதினான்கு கேள்விகளும், அவற்றுக்கு நீர்பாய்ச்சிப் பெரியவர் சொல்லப்போகும் பதினான்கு பதில்களும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. பெரியவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

சிரிக்க வேண்டாம். பணம் கொடுக்கிற துறை, ஸ்கிரிப்ட்டைப் படித்து முத்திரை குத்திய பிறகுதான் கேமராவை வெளியே எடுக்கவிடும். பதில் இல்லாமல் கேள்வியை மட்டும் கொடுத்தால், “அவர் என்ன சொல்வார்னு தெரியாமலா எடுக்கப்போறீங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே நான் பெரியவர் சார்பில் நல்ல செந்தமிழில் பதில் எழுதிக்கொடுத்தேன். அவை ஒப்புதல் பெற்றன. இனி பெரியவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒப்புதல் பெற்ற பதில்களைச் சொல்வது மட்டுமே.

விஷயம் இதுதான். தெற்கே பல ஊர்களில் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டுப் பாய்ச்ச ஊரே ஒரு ஆளை வைத்திருக்கும். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையன் என்று ஊருக்கொரு பெயர். பாசனம் நடக்கிற நாட்களில் நிலக்காரர் யாரும் மடையைத் தொடக்கூடாது, நீர்பாய்ச்சிதான் திறப்பார், அடைப்பார். கூலி, அறுப்பின்போது நெல்லாக. பன்னிரண்டு நிமிடப் படத்தில் அவருக்கு நான்கு நிமிடம். கேசட் நாளுக்கு மூன்றுதான் கொடுத்திருந்தார்கள். பீட்டாகேம் கேமராவில் போடுகிற சின்ன கேசட் முப்பது நிமிடம் ஓடும். அதில் பேட்டிக்கு ஒன்று, மற்ற காட்சிகளுக்கு இரண்டு.

கரையில் ஒரு புளியமரத்தடியில் பெரியவரை உட்காரவைத்தோம். ஏழாவது கேள்வியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். “ஐயா, கண்மாய் தூர்ந்துபோனதாலும், வரத்துக்கால் அடைபட்டதாலும், முன்போல இரண்டு போகம் விளைய முடியாமல் விவசாயம் பாதிக்கப்பட்டிருக்கிறது, இல்லையா?”

“ஆமா.”

கேள்விக்குப் பத்து விநாடி, பதிலுக்கு ஒரு விநாடி. அப்புறம் ஒரு மூன்று விநாடி அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். படத்தில் என் குரல் வராது. கேட்கிறவன் குரலை வெட்டிவிடுவதுதான் முறை. வெட்டினால் மிஞ்சுவது, புளியமரத்தடியில் ஒருவர் காரணமில்லாமல் “ஆமா” சொல்லிவிட்டு முறைப்பது. எல்லாச் சங்கதியையும் கேள்வியிலேயே நான் சொல்லித் தீர்த்துவிட்டேன், அவருக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு கேள்வி ஆயிற்று.

எட்டாவதிலிருந்து திருந்த முயன்றேன். “கேள்வியையும் சேத்துப் பதில் சொல்லுங்கய்யா” என்றேன். எங்கள் தொழிலில் இது பால பாடம். கேட்பவன் குரல் படத்தில் இல்லாததால் பதில் தன் காலில் நிற்க வேண்டும். ‘எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க?’ என்றால் ‘முப்பது’ என்பது பயன்படாது, ‘முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன்’ என்பது பயன்படும். பெரியவர் சொன்னதை அப்படியே செய்தார். “எத்தன வருசமா இந்த வேல பாக்குறீங்கன்னு கேட்டீக. முப்பது வருசம்.” கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

பதினான்காவது கேள்வி முடியும்போது கேசட்டும் முடிந்தது. மைக்கைக் கழற்றினோம். பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கண்மாயைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு இந்த ஆயக்கட்டுல ஒரு செண்டு நெலங் கெடையாது. அதனாலதேன் மடைய எங்கிட்டக் குடுத்துருக்காக. நெலம் இருந்தா எவனாவது குடுப்பானா?”

படமே அந்த மூன்று வாக்கியத்தில்தான் இருந்தது. தண்ணீர் முறையின் சூட்சுமம் அதுதான்: பங்கு போடுகிறவனுக்குப் பங்கில் பாத்தியதை இருக்கக்கூடாது. கூடவே அந்த ஏற்பாட்டின் அநியாயமும் அதற்குள்ளேயே இருந்தது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவருக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ள ஒரு பாத்தி இல்லை. பெருமையாகச் சொன்னாரா, குத்தலாகச் சொன்னாரா என்று பிரிக்க முடியாத குரல்.

நாங்கள் அவசரமாகக் காட்சிகளுக்கு வைத்திருந்த கேசட் ஒன்றைப் போட்டு, மைக்கை மாட்டி, “இப்பச் சொன்னத அப்டியே இன்னொரு தடவ சொல்லுங்கய்யா” என்றோம். அவர் பீடியை அணைத்தார், துண்டைச் சரிசெய்தார், பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கிற பையனைப் போல நிமிர்ந்தார். “எனக்கு நிலம் இல்லாத காரணத்தினால் மடையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.” முப்பது வருடம் சேற்றில் நின்ற மனிதர் வாயில் ‘காரணத்தினால்’ வந்துவிட்டது. பதினான்கு கேள்வியாக அவரிடம் நான் பேசிய தமிழை அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எடிட்டிங்கில் அதைப் போட முடியவில்லை. என்ன செய்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. வர்ணனையில் ஒரு இணைப்பு எழுதினேன். கணீரென்ற குரல்காரர் ஒருவர் வாசித்தார்: நிலமற்றவரிடம் நீரை ஒப்படைத்தது நம் முன்னோரின் ஞானம். பெரியவரின் குத்தல் போய், முன்னோருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. ஒப்புதல் கொடுத்தவர்களுக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது.

காட்சிக் குறிப்புகளின் கதை வேறு. இடப்பக்கத்தில் நான் எழுதியிருந்தது: ‘நிரம்பிய கண்மாய், பொதுக்காட்சி. பெண்கள் நாற்று நடுதல். மடையிலிருந்து நீர் பாய்தல்.’ நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பதால் மார்ச்சில் போயிருந்தோம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாயில் மார்ச்சில் என்ன இருக்கும்? நடுவில் ஒரு குட்டை, நாலு எருமை. கடைசியில் வேறொரு படத்துக்கு எடுத்த ஏரியொன்றைக் கொண்டுவந்து ஒட்டினோம். ஒளிபரப்பான மறுவாரம் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் போனில் விசாரித்தார்: “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம கண்மாயில எப்ப போட் விட்டாக?” ஓரத்தில் ஒரு படகு நின்றிருக்கிறது. எங்கள் யாருக்கும் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் கேசட் பஞ்ச காலம். இப்போது அந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது.

போன வருடம் ஒரு இளம் இயக்குநர் வீட்டுக்கு வந்தார். அவர் எடுத்திருந்ததும் நீர்பாய்ச்சி பற்றித்தான், வேறு கண்மாய், வேறு பெரியவர். “சார், மூணு மணி நேரம் பேட்டி இருக்கு. ரெண்டு கேமரா. இதுல நாலு நிமிஷம் எடுத்துக் கட்டித் தரணும்” என்றார். கேள்வித்தாளைக் கேட்டேன். “கேள்வியெல்லாம் எழுதல சார். எழுதிட்டுப் போனா செயற்கையா இருக்கும்னு, ஃப்ளோவுல பேச விட்டுட்டோம்.” ஒரு தலைமுறைக்கு முன் பதிலையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனவன் என்ற முறையில் எனக்குப் பேச வாயில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேட்டி முழுவதையும் தட்டச்சு செய்து, ஓரத்தில் டைம்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அறுபது பக்கத்துக்கு மேல். அந்தக் காலத்தில் இதை வி.எச்.எஸ். நகலில், திரையின் கீழே ஓடும் எண்களைப் பார்த்துப் பார்த்து நோட்டில் கையால் எழுதுவோம். எழுதும்போதே எது வேண்டாம் என்று கைக்குத் தெரிந்துவிடும், வலிக்கும். அச்சாகி வந்த அறுபது பக்கத்தில் எல்லா வரியும் ஒரே எடையில் நிற்கின்றன.

வேலையை வழக்கம்போலவே தொடங்கினேன். முதல் வாசிப்பில் பென்சிலால் தேர்ந்தெடுப்பது தகவலை அல்ல. எண்ணிக்கை, ஆண்டு, இடம் எல்லாம் வர்ணனை சொல்லிக்கொள்ளும். அவர் ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த வரிகளை வீடியோவில் கேட்க வேண்டும். காகிதத்தில் பிரமாதமாக இருப்பது காதில் வெட்ட முடியாமல் இருக்கும்.

இங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லித்தருவதில்லை. நம் ஆட்கள் வேலையை விவரிக்கும்போது வாக்கியத்தை முடிக்கமாட்டார்கள். அந்தப் பெரியவர் சொல்கிறார்: “காலையில எந்திரிச்சு, கரையில ஒரு நட நடந்துட்டு, கலுங்கப் பாத்துட்டு, மம்பட்டிய எடுத்துக்கிட்டு, கடமடைக்குப் போயி, வாமடைய வெட்டிவிட்டு...” இப்படி ஒன்றரை நிமிடம் எச்சத்திலேயே போகிறது. ஒவ்வொரு ‘ட்டு’விலும் குரல் மேலே ஏறி நிற்கிறது. அங்கே வெட்டினால், படியில் காலைத் தூக்கிய ஆளை அப்படியே நிறுத்தியது போல இருக்கும். வினைமுற்று வருவதற்குள் நமக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பல படம் கெடுத்த பிறகு கற்றது. வினையெச்சத்தில் நிற்கிற வாக்கியத்துக்குப் படத்தையே வினைமுற்றாக வைப்பது. ‘வாமடைய வெட்டிவிட்டு’ என்று குரல் ஏறும் இடத்தில் அவர் முகத்தை விட்டு வரப்புக்குப் போய்விட வேண்டும். மண்வெட்டி விழுகிறது, மண் புரள்கிறது, தண்ணீர் காய்ந்த மண்ணுக்குள் சத்தத்தோடு நுழைகிறது. வாக்கியம் முடிந்துவிட்டது. பார்க்கிற யாருக்கும் எதுவும் விட்டுப்போன உணர்வு வராது. ஆனால் அந்தக் காட்சி கையில் இருக்க வேண்டும். ‘மடையிலிருந்து நீர் பாய்தல்’ என்று எழுதினால் தூரத்திலிருந்து ஒரு மடைதான் கிடைக்கும். எழுத வேண்டியது இப்படி: ‘வாமடை வெட்டும் மண்வெட்டி, மிக அருகில். வெட்டிய பிறகு கேமரா அசையாமல் பத்து விநாடி. தண்ணீர் நுழையும் சத்தம் தனியாக.’ இவ்வளவு குறிப்பாக எழுத வேண்டுமென்றால் பேட்டியை முதலில் எடுத்து, அவர் எந்த வினையில் நின்றார் என்று கேட்டுவிட்டு, அன்றிரவு காட்சிப் பட்டியலை எழுத வேண்டும். நாங்கள் பட்டியலைச் சென்னையிலேயே எழுதினோம். இவர்கள் எழுதவே இல்லை.

“மண்வெட்டி க்ளோஸ்ல இருக்காம்மா?” என்றேன்.

“ட்ரோன் இருக்கு சார்.”

ட்ரோன் இருந்தது. நாற்பத்து மூன்று ட்ரோன் காட்சிகள். கண்மாய் கண்ணாடிபோல மின்னுகிறது, கொக்குகள் பறக்கின்றன, சூரியன் இறங்குகிறது. பருவமழைக்குப் பிறகு போயிருந்ததால் தண்ணீர் நிஜமான தண்ணீர், அந்த ஊர்த் தண்ணீர், படகு கிடையாது; அதற்கு வாழ்த்துச் சொன்னேன். ஆனால் நானூறு அடி உயரத்தில் இருந்து வரப்பு வெட்டுவது தெரியாது. பேட்டியில் ஒரு வெட்டை மறைக்க அவர் கை வேண்டும், கால் வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கும் பேரனின் முகம் வேண்டும். பேச்சின் நடுவே கழுகுப் பார்வைக்குப் போனால் பெரியவர் செத்து ஆவியாகப் பேசுகிறார் என்று தோன்றும்.

வர்ணனைக்கு அந்தப் பெண்ணே ஒரு முதல் வரி எழுதியிருந்தார். தமிழகத்தின் பாரம்பரிய நீர் மேலாண்மையில் நீர்பாய்ச்சிகளின் பங்கு அளப்பரியது என்று. எனக்கு அந்தக் கணீர்க் குரல் ஞாபகம் வந்தது. குரல்காரர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள், வரிகள் ஓய்வு பெறுவதில்லை.

இணைப்பு வரி எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரு இடத்தை வைத்துக் காட்டினேன். பேட்டியின் இரண்டாம் மணி நேரத்தில் பெரியவர் சொல்கிறார்: “கடமடைக்குத்தேன். தல மடைக்காரன் கத்துவான், கத்திட்டுப் போறான். அவனுக்குக் கசிவுத் தண்ணியிலயே பாதி நனஞ்சிரும்.” அருமையான துண்டு, பத்தே விநாடி. ஆனால் தனியாகப் போட்டால் ஒன்றும் புரியாது, எது கடைமடைக்கு? இங்கே கேள்வியை வர்ணனை கேட்க வேண்டும்:

‘இந்தக் கண்மாயை நம்பி 180 ஏக்கர். இந்த வருடம் பாதித் தண்ணீர்தான். முதலில் யார் வயலுக்கு?’

உடனே அவர்: “கடமடைக்குத்தேன்.”

பன்னிரண்டு சொல்தான், வாசிக்க எட்டு விநாடி பிடிக்கும். தமிழ் வர்ணனைக்குப் பத்து விநாடிக்குப் பதினைந்து சொல் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் வாசிப்பவர் மூச்சு வாங்குவார். எண்கள் ஏமாற்றும், தாளில் மூன்று இலக்கமாக இருப்பது வாயில் ‘நூற்றியெண்பது’ என்று நீளும். அவர் சொல்லமாட்டாத ஏக்கர் கணக்கையும் இந்த வருடத்து நிலவரத்தையும் வர்ணனை சொல்லிவிடுகிறது. அவர் சொல்லப்போகிற எதையும் தொடவில்லை. தண்ணீர் குறைந்தால் கடைமடைக்கே முதலுரிமை என்று அங்கே எழுதியிருந்தால், அடுத்த நொடி அவர் வந்து அதையே சொல்வார், எதிரொலி மாதிரி. அவர் பதில் வீணாகும். நான் 1994-ல் செய்தது இதைவிட மோசம், அவர் வரியைத் திருடி வேறொருவர் வாயில் போட்டேன்.

ஒரு வழியாக நான்கு நிமிடத்தைக் கட்டினோம். அவர் பேசுவது இரண்டு நிமிடம் சொச்சம், வர்ணனை நாற்பது விநாடி, மிச்சமெல்லாம் தண்ணீர் சத்தம், மண்வெட்டிச் சத்தம், ஒரு ட்ரோன். ஒன்றே ஒன்று. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. இந்த வேலைக்கு ஏன் இவர், ஏன் ஒரு நிலக்காரர் இல்லை என்று மூன்று மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. பேச்சு ஃப்ளோவில் போனதால் அந்தப் பக்கம் போகவே இல்லை. மண்வெட்டியின் க்ளோஸ் காட்சியும் இல்லை. இன்னொரு நாள் போவது என்று முடிவாயிற்று. இந்த முறை கேள்வித்தாளோடு.

எட்டே கேள்விதான் எழுதினோம். ‘இல்லையா’வில் முடிகிற எதுவும் கிடையாது. ‘பாதிக்கப்பட்டிருக்கிறதா’ கிடையாது. ‘கடைசியா ரெண்டு வயக்காரங்க தண்ணிக்குச் சண்ட போட்டப்ப நீங்க எங்க நின்னீங்க, என்ன செஞ்சீங்க?’ என்கிற மாதிரி, ஒரு நாளை, ஒரு இடத்தைப் பிடித்துக் கேட்பவை. வலப்பக்கத்தில் பதில் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில், அவர் பதிலில் எந்த வினை வந்தால் எந்தக் கையை, எந்தக் காலை எடுப்பது என்று குறித்துக்கொள்ளக் காலி இடம் விட்டோம். கேள்விக் காகிதத்தைப் பெரியவரிடம் காட்டக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். காட்டினால் ‘காரணத்தினால்’ வந்துவிடும்.

எட்டு கேள்வியும் நன்றாகவே போயின. ஏன் நீங்கள் என்ற கேள்விக்கு மட்டும், “எங்கப்பா பாத்தாரு, நாம் பாக்குறேன்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு விதமாக மாற்றிக் கேட்டும் அதே பதில். பரவாயில்லை என்று சைகை காட்டினேன்.

கடைசியில் ஒலிப்பதிவுத் தம்பி, “முப்பது செகண்ட் ஆம்பியன்ஸ், யாரும் பேசாதீங்க” என்றார். வெட்டுகளுக்கு அடியில் ஒட்டுவதற்கு அந்த இடத்தின் வெறும் சத்தம் வேண்டும். அதை எடுக்காமல் வந்தால் ஒவ்வொரு வெட்டிலும் காற்று நின்று நின்று வீசும். பெரியவரிடமும் கேமரா ஓடுகிறது, சும்மா உட்காருங்கள் என்று சொன்னோம். தவளை கத்தியது. ஒரு மோட்டார் சைக்கிள் கரை மேல் போனது. இருபது விநாடி இருக்கும். அவருக்கு அவ்வளவு பேர் சும்மா உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை போல.

“எங்கப்பாவுக்கும் நெலம் இல்ல. எனக்கும் இல்ல. இந்தா இவனுக்கும் இருக்கக்கூடாதுன்னு பாக்குறாக” என்றார், பேரனைக் காட்டி.

“சே, ஆம்பியன்ஸ் போச்சு சார்” என்றார் தம்பி.

இயக்குநர் ஒன்றும் பேசாமல் கேள்வித்தாளை எடுத்து, எட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். அடுத்த ஊருக்குப் போகும்போது வேனில் எட்டிப் பார்த்தேன். ‘9. கேட்க வேண்டாம். முப்பது விநாடி.’ இடப்பக்கத்தில், அதற்கு எதிரே: ‘பேரன் முகம்.’